ஒரே வளைவு, இரண்டு கேள்விகள்

தேசியப் பங்குச் சந்தையின் ஆப்ஷன் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு கால் ஆப்ஷனுக்குப் பின்னாலும் CE என்ற எழுத்துகள் நிற்கும். அதில் உள்ள E, யூரோப்பியன் என்பதைக் குறிக்கிறது. ஐரோப்பாவுக்கும் அதற்கும் இன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. எக்ஸ்பைரி நாளன்று மட்டுமே உரிமையைப் பயன்படுத்தலாம், அதற்கு முன்னால் முடியாது என்பதுதான் பொருள். இடையில் எந்த நாளிலும் பயன்படுத்தலாம் என்றால் அது அமெரிக்கன் வகை. நம் நாட்டில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் 2001ல் அமெரிக்கன் வகையாகத் தொடங்கி, 2011 ஜனவரி முதல் யூரோப்பியன் வகைக்கு மாறின.

அந்த CE-க்கு என்ன விலை கொடுக்கலாம்? அதற்கு ஒரே வரியில் விடை தரும் சூத்திரம் ஒன்று உண்டு. ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் 1973ல் வெளியிட்டது. ஆப்ஷன் வியாபாரம் செய்கிற பலருக்கு அதன் பெயர் தெரியும். அதில் இரண்டு தடவை வரும் N என்ற எழுத்து எதைச் சொல்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பல்தான். இந்தக் கட்டுரை அந்த இரண்டு N பற்றியது.

முதலில் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு இன்று 1000 ரூபாய். மூன்று மாதம் கழித்து அதை 1050 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை நீங்கள் இன்று விலைக்கு வாங்குகிறீர்கள். அன்று பங்கு 1200 ரூபாயாக இருந்தால் 1050 கொடுத்து வாங்கி 150 ரூபாய் பார்க்கலாம். 1050க்குக் கீழே இருந்தால் உரிமையைக் குப்பையில் போட்டுவிடலாம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த மூன்று மாதத்தில் நிறுவனம் ஈவுத்தொகை எதுவும் தராது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். பங்கு விலையின் ஏற்ற இறக்கம், அதாவது வாலட்டிலிட்டி, ஆண்டுக்கு 30 சதவீதம். சூத்திரம் இது:

```
C  = S × N(d1) − K × e^(−rT) × N(d2)
d2 = [ln(S/K) + (r − σ²/2) × T] / (σ√T)
d1 = d2 + σ√T
```

C ஆப்ஷனின் விலை. S இன்றைய பங்கு விலை, K ஸ்ட்ரைக் விலை, r வட்டி, T ஆண்டுக் கணக்கில் காலம், σ ஏற்ற இறக்கம். N என்பது பிளஸ் டூ கணிதத்தில் நாம் படித்த இயல்நிலைப் பரவல்தான். மணி வடிவ வளைவில் ஒரு புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் குவிவு நிகழ்தகவு அது. N(0) என்றால் சரிபாதி, 0.5.

d2 பார்ப்பதற்குத்தான் பயமுறுத்தும். உள்ளே இருப்பது ஒரு தூரக் கணக்கு. பங்கு 1000லிருந்து 1050ஐத் தொட வேண்டும். மடக்கைக் கணக்கில் அந்தத் தூரம் 4.88 சதவீதம். மூன்று மாத வட்டி 1.5 சதவீதம் நம்மை முன்னே தள்ளுகிறது. ஆனால் ஏற்ற இறக்கம் கொஞ்சம் பின்னே இழுக்கிறது: ஒரு பங்கு ஒரு நாள் 10 சதவீதம் ஏறி மறுநாள் 10 சதவீதம் இறங்கினால் 100 ரூபாய் 99 ஆகிவிடுகிறது அல்லவா, அந்த இழுப்பு. இங்கே அது 1.125 சதவீதம். ஆக, நிகரமாக முன்னேறுவது 0.375 சதவீதம், மீதமிருக்கும் தூரம் சுமார் 4.5 சதவீதம். மூன்று மாதத்தில் இந்தப் பங்கின் ஒரு திட்ட விலக்கம் 15 சதவீதம். 4.5ஐ 15ஆல் வகுத்தால் 0.30. எட்ட வேண்டிய இடம் நமக்கு மேலே இருப்பதால் குறி எதிர்மறை: d2 = −0.30. அதோடு 0.15ஐக் கூட்டினால் d1 = −0.15.

இப்போது புத்தகத்தின் பின்பக்க அட்டவணை. அங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. நம் பாடப்புத்தக அட்டவணை 0 முதல் z வரையிலான பரப்பைத்தான் தருகிறது. இடப்பக்கம் முழுவதையும் அல்ல. எனவே 0.5லிருந்து கழிக்க வேண்டும். N(−0.15) = 0.5 − 0.0596 = 0.4404. N(−0.30) = 0.5 − 0.1179 = 0.3821. மூன்று மாதம் கழித்துத் தர வேண்டிய 1050 ரூபாயின் இன்றைய மதிப்பு 1034.37. இனி பெருக்கிக் கழிக்க வேண்டியதுதான். கணினியில் துல்லியமாகப் போட்டால் முதல் உறுப்பு 440.28, இரண்டாவது 395.11, ஆப்ஷன் விலை 45.16 ரூபாய். அட்டவணையை வைத்துக் கையால் போட்டாலும் ஒரு பைசாதான் வித்தியாசம் வரும்.

விலை வந்துவிட்டது. ஆனால் ஒரே ஆப்ஷன், ஒரே எக்ஸ்பைரி, ஒரே 1050. நிகழ்தகவு மட்டும் எப்படி இரண்டு?

N(d2) எளிது. பங்கு வங்கி வட்டி வேகத்தில் மட்டும் வளரும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்தால், அங்கே எக்ஸ்பைரி நாளில் பங்கு 1050க்கு மேல் நிற்கும் வாய்ப்பு 38.2 சதவீதம். அப்போதுதான் நீங்கள் 1050 ரூபாயை எடுத்து நீட்டுவீர்கள். ஆகவே இரண்டாம் உறுப்பு, நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு. கொடுப்பது நிலையான தொகை என்பதால் கொடுக்கும் வாய்ப்பால் பெருக்கினாலே போதும்.

வாங்கப்போவது அப்படி நிலையான பொருள் அல்ல. பங்கு உங்கள் கைக்கு வருவதே அது உயர்ந்திருக்கும் நாளில்தான். 1051ல் நிற்கும் பங்கும் வரும், 1400ல் நிற்கும் பங்கும் வரும்; 900ல் நிற்கும் பங்கு ஒருபோதும் வராது. நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்கும் இந்தச் சலுகைக்கு மதிப்பு உண்டு. அதனால் முதல் உறுப்பில் ஒவ்வொரு முடிவையும் அன்றைய பங்கு விலையால் எடை போட்டுக் கூட்ட வேண்டியிருக்கிறது. உயர்ந்த விலைகளுக்கு அதிக எடை கொடுத்தால் மணி வளைவு முழுவதுமாக 0.15 திட்ட விலக்கம் வலப்பக்கம் நகர்கிறது. d1க்கும் d2க்கும் இடையிலுள்ள 0.15 அந்த நகர்வுதான். வளைவின் வடிவம் மாறுவதில்லை, இடம் மட்டும் மாறுகிறது என்பது இயல்நிலைப் பரவலின் அதிர்ஷ்டமான குணம். விடை ஒரே வரியில் அடங்குவதற்கு அதுவே காரணம்.

இதை இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். ஆப்ஷன் பலன் தரும் நாள்களில் மட்டும் பங்கு சராசரியாக என்ன விலையில் இருக்கும்? சூத்திரத்திலிருந்தே எடுத்தால் 1170 ரூபாய். 1050 போக லாபம் 120. அந்த லாபம் கிடைக்கும் வாய்ப்பு 38.2 சதவீதம், பெருக்கினால் 45.84. மூன்று மாத வட்டியைக் கழித்தால் 45.16. வேறு பாதையில் போய் அதே வாசலுக்கு வந்துவிட்டோம்.

இரண்டு N-களையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகப் புரியும். இரண்டு இடத்திலும் N(d2) போட்டால் விடை −13.13. இரண்டிலும் N(d1) போட்டால் −15.13. கட்டாயமே இல்லாத ஓர் உரிமைக்கு எதிர்மறை விலை, அதாவது உங்களுக்கே காசு கொடுத்து உரிமையையும் தருகிறார்கள். எக்செல்லில் இதைவிடச் சுவாரசியமான தவறு ஒன்று உண்டு. `NORM.S.DIST(d, TRUE)` என்று எழுத வேண்டிய இடத்தில் `FALSE` என்று எழுதிவிட்டால், பரப்புக்குப் பதிலாக வளைவின் உயரம் வந்துவிடும். அப்போது ஆப்ஷன் விலை சரியாகப் பூஜ்யம் என்று வரும். எந்தப் பங்கு, எந்த ஸ்ட்ரைக், எந்த வட்டி போட்டாலும் பூஜ்யம்தான். D1, d2 கட்டமைக்கப்பட்ட விதமே அப்படி. திரையில் பூஜ்யத்தைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இனி அந்தக் கற்பனை உலகத்துக்கு வருவோம். பங்கு வட்டி வேகத்தில்தான் வளரும் என்று யார் சொன்னது? ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று நம்பித்தானே பங்கை வாங்குகிறோம்? 14 சதவீதம் என்று வைத்தால் 1050ஐத் தாண்டும் வாய்ப்பு 38லிருந்து 43 சதவீதமாகிறது. அப்படியானால் ஆப்ஷனும் விலை ஏற வேண்டாமா?

இந்தக் கேள்வியில்தான் முன்னோடிகள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். கேஸ் ஸ்ப்ரென்கிள் 1961ல் யேல் பல்கலைக்கழக ஆய்வில் எழுதிய வாரண்ட் சூத்திரத்திலேயே இரண்டு இயல்நிலை நிகழ்தகவுகள் இருந்தன. ஆனால் பங்கின் எதிர்பார்ப்பு வளர்ச்சி போன்ற, யாராலும் அளக்க முடியாத எண்கள் அதில் உட்கார்ந்திருந்தன. பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே சூத்திரம்; ஆனால் பயன்படுத்த முடியாது.

பிளாக் அப்போது ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆப்ஷன் விலைக்கு அவர் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டுபிடித்தார். அதில் பங்கின் எதிர்பார்ப்பு வளர்ச்சி காணாமலேயே போயிருந்தது. சமன்பாட்டைத் தீர்க்கத்தான் அவருக்கு வழி தெரியவில்லை. ஹார்வர்டில் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், இயற்பியல் படித்தவர். கையில் இருப்பது வெப்பம் பரவும் சமன்பாட்டின் இன்னொரு வடிவம் என்று அடையாளம் காணவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். பிறகு எம்.ஐ.டி.யில் இருந்த ஷோல்ஸுடன் சேர்ந்தார். இருவரும் செய்தது ஒரு கெட்டிக்கார ஊகம். வளர்ச்சி எவ்வளவு என்பது விடையைப் பாதிக்காது என்றால், நமக்கு வசதியான வளர்ச்சியை, அதாவது வட்டியையே, ஸ்ப்ரென்கிள் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போமே! போட்டார்கள், வந்த விடையைச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது.

வளர்ச்சி ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இன்று பாடப்புத்தகங்கள் சொல்லும் காரணத்தைக் கூர்மையாக்கித் தந்தவர் ராபர்ட் மெர்ட்டன். ஆப்ஷனை விற்றவர் இடத்திலிருந்து பாருங்கள். அவர் உங்களிடம் 45.16 ரூபாய் வாங்குகிறார். அதோடு 395.11 ரூபாய் கடன் எடுத்து, மொத்தம் 440.28 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறார்: 0.44 பங்கு. இந்த 0.44தான் N(d1). முதல் உறுப்பு அவர் வைத்திருக்க வேண்டிய பங்கு, இரண்டாம் உறுப்பு அவர் எடுக்க வேண்டிய கடன். சூத்திரம் ஒரு சமையல் குறிப்பு போல இரண்டையும் அளவோடு சொல்லிவிடுகிறது. பங்கு ஒரு ரூபாய் ஏறினால் ஆப்ஷனும் 44 பைசா ஏறும், அவர் பங்கும் 44 பைசா ஏறும். விலை நகர நகர N(d1) மாறும். அதற்கேற்பப் பங்கைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால் எக்ஸ்பைரியில் உங்களுக்குத் தர வேண்டியது அவர் கையில் இருக்கும். இந்த வேலைக்கு ஆகும் செலவே ஆப்ஷனின் விலை. பங்கு 14 சதவீதம் வளருமா 4 சதவீதம் வளருமா என்பது அவருக்குத் தேவையில்லை. அந்த எதிர்பார்ப்பெல்லாம் 1000 ரூபாய் என்ற இன்றைய பங்கு விலையிலேயே அடங்கிவிட்டது.

இந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதைத் தினசரிக் கணக்கில் பார்க்கலாம். பங்கு ஒரு நாளில் சாதாரணமாக 19 ரூபாய் போல ஏறும் அல்லது இறங்கும். ஏறினால் ஆப்ஷன் 44 பைசா விகிதத்தைவிடச் சற்று வேகமாக ஏறுகிறது. இறங்கினால் சற்று மெதுவாக இறங்குகிறது. இரண்டிலும் விற்றவருக்கு நஷ்டம், நாளுக்குச் சுமார் 47 பைசா. அதே சமயம், கடன் வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு வியாபார நாள் கழிவதால் ஆப்ஷன் இழக்கும் மதிப்பும் 47 பைசா. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. ஏற்ற இறக்கம் கணித்தபடி 30 சதவீதமாகவே இருக்கும்வரை இந்தத் தராசு சமமாக நிற்கும்.

பங்கு படிப்படியாக நகராமல் ஒரே தாவாகத் தாவினால் தராசு கவிழும். மாலை 1000ல் முடிந்த பங்கு மறுநாள் காலை 900ல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்றவரின் 0.44 பங்கில் 44.03 ரூபாய் போய்விட்டது. ஆப்ஷனோ 45.16லிருந்து 13.79க்குத்தான் இறங்கியிருக்கிறது, அதாவது 31.37. துண்டு விழுவது 12.66 ரூபாய், ஏறத்தாழ 27 வியாபார நாள்களின் 47 பைசா ஒரே இரவில். இடையில் பங்கைக் கூட்டிக் குறைக்க அவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. சூத்திரத்தின் ஆகப் பெரிய பலவீனம் இதுதான் என்பேன். வட்டி மாறலாம், தரகுக் கூலி போகலாம். அதெல்லாம் சமாளிக்கக் கூடியவை.

ஈவுத்தொகை கிடையாது என்ற நிபந்தனையும் வெறும் அலங்காரம் அல்ல. ஈவுத்தொகை பங்கு வைத்திருப்பவருக்குத்தான் போகும், ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு அல்ல. அது பிரியும் நாளில் பங்கு விலையும் அந்த அளவுக்கு இறங்கும். நம் கணக்கில் ஒரு மாதம் கழித்து 20 ரூபாய் ஈவுத்தொகை வரும் என்றால், அதன் இன்றைய மதிப்பான 19.90ஐக் கழித்து S-க்கு 980.10 என்று போட வேண்டும். ஆப்ஷன் விலை 45.16லிருந்து 36.92க்கு இறங்கிவிடுகிறது. பங்கு விலையில் 2 சதவீதம்தான் குறைந்தது, ஆப்ஷனில் 18 சதவீதம். ஈவுத்தொகை இல்லாதபோது இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்கன் கால் ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்னால் பயன்படுத்துவது ஒருபோதும் லாபமில்லை என்று மெர்ட்டன் 1973லேயே நிறுவினார். உரிமையைப் பயன்படுத்தி 1050ஐ இன்றே கொடுப்பதைவிட, ஆப்ஷனை விற்றுவிடுவது மேல். எனவே அந்த வகைக்கும் இதே விலை.

பிளாக், ஷோல்ஸ் கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் மில்லரும் யூஜின் ஃபாமாவும் அக்கறை எடுத்துக்கொண்ட பிறகு, முதலில் நிராகரித்த இதழ்களில் ஒன்றான ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’யே 1973 மே–ஜூன் இதழில் வெளியிட்டது. அதற்குச் சில நாள்கள் முன்பு, ஏப்ரல் 26 அன்று, சிகாகோவில் ஆப்ஷன் சந்தை திறந்திருந்தது. சூத்திரத்தை உருவாக்கியவர்களே முன்னதாக அதை நம்பிப் பணம் போட்டார்கள். நேஷனல் ஜெனரல் என்ற நிறுவனத்தின் வாரண்டுகள் சூத்திர விலையைவிட மிக மலிவாக இருந்தன, வாங்கினார்கள். பிறகு அந்த நிறுவனத்தை வாங்க வேறொரு நிறுவனம் முன்வந்தது. அதன் நிபந்தனைகள் வாரண்டுகளின் மதிப்பைக் கடுமையாகக் குறைத்தன. மலிவுக்குக் காரணம் இருந்திருக்கிறது. அது σ-வில் இல்லை.

ஆறு எழுத்துகள் வரும் இந்தச் சூத்திரத்தில் S, K, T, r நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. C-யைக் கணக்கிடுகிறோம். தெரியாமல் மிஞ்சுவது σ மட்டுமே. இனி வரப்போகும் மூன்று மாதத்தின் ஏற்ற இறக்கம் யாருக்குத் தெரியும்? அதனால் சந்தையில் இருப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். நம் ஆப்ஷன் சந்தையில் 55 ரூபாய்க்கு விற்கிறது என்றால், எந்த σ-வைப் போட்டால் 55 வரும் என்று தேடுவார்கள். இங்கே 35 சதவீதம். ஆப்ஷன் பட்டியலில் IV என்ற பத்தியில் ஓடும் எண் இதுதான். சூத்திரம் முழு உண்மை என்றால் ஒரே பங்கின் எல்லா ஸ்ட்ரைக்குகளுக்கும் ஒரே எண் வர வேண்டும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்குப் பிறகு குறியீட்டு ஆப்ஷன்களில் தாழ்ந்த ஸ்ட்ரைக்குகளின் IV நிரந்தரமாக உயர்ந்தே இருக்கிறது. மணி வளைவு ஒப்புக்கொள்ளாத பெரிய வீழ்ச்சிகளுக்குச் சந்தை தனியாக விலை வைக்கிறது என்று அர்த்தம். ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் 1997ல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் கோணல் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிளாக் 1995லேயே காலமாகிவிட்டார்.

கால் ஆப்ஷன் வாங்குகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கணக்கின் 38 சதவீதம் என்பது ஆப்ஷன் பயன்படுவதற்கான வாய்ப்பு. நீங்கள் லாபம் பார்ப்பதற்கான வாய்ப்பு அல்ல. கொடுத்த 45.16ஐயும் மீட்க வேண்டுமானால் பங்கு 1095ஐத் தாண்ட வேண்டும். அதே N-ஐ அந்த விலைக்குப் போட்டுப் பார்த்தால் வருவது 28 சதவீதம்தான்.